ஸ்பெயின் நண்பனுக்கு ‘வாடிவாசல்’ பற்றி ஒரு கடிதம்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஸ்பெயினில் எனக்கு ஒரு பேனா நண்பன் இருக்கிறான். எனக்குப் பிடித்த நாவலைப் பற்றி அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பப் போகிறேன். நான் எடுத்திருப்பது சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. எத்தனை முறை எழுதினாலும் கதைச் சுருக்கம் மாதிரியே வருகிறது. எப்படி எழுதினால் அவன் ஆர்வமாகப் படிப்பான்?

பதில்:

நண்பன் ஸ்பெயின்காரன் என்று சொன்னீர்களே, உங்கள் கடிதத்துக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஜப்பானில் இருக்கும் நண்பனுக்கு இதே நாவலைப் பற்றி எழுதினால் அது வேறு கடிதமாக இருக்க வேண்டும். ஜப்பான்காரனுக்கு இந்த நாவலில் வரும் ஜல்லிக்கட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஸ்பெயின்காரனுக்கு அப்படியில்லை. ஏதோ தெரியும் என்று நினைத்துக்கொள்வான், சிக்கலே அங்கேதான்.

மாடு, அதன் முன்னால் ஒரு மனிதன், சுற்றிலும் கூட்டம் என்று நீங்கள் எழுதிய உடனே அவன் மனதில் அவனுடைய ஊர்க் காளைச் சண்டை வந்து நிற்கும். வட்டமான அரங்கம், சரிகை வேலை செய்த இறுக்கமான உடை, சிவப்புத் துணி, கடைசியில் வாள். அந்தச் சண்டையில் காளை சாவதுதான் வழக்கமான முடிவு. இதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே கலைக்காவிட்டால், நாவலின் நாயகன் பிச்சியைப் பற்றி நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், பிச்சியின் கையில் ஒரு வாளை வைத்துத்தான் நண்பன் படிப்பான். அப்புறம் நாவல் முழுக்கத் தப்பாகத்தான் போய்ச் சேரும்.

அதனால் நாவலின் பெயரைச் சொன்ன கையோடு, இது உன் ஊர்ச் சண்டை இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதற்காக ஜல்லிக்கட்டின் வரலாற்றை ஆதிகாலத்திலிருந்து எழுத உட்கார வேண்டாம். இரண்டு விஷயம் போதும்.

ஒன்று திமில். நமக்கு இது தோன்றவே தோன்றாது, ஏனென்றால் மாடு என்றால் திமிலோடுதான் பார்த்திருக்கிறோம். ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் கிடையாது. ஸ்பெயினின் சண்டைக் காளைக்குக் கழுத்துத் தசை நன்றாகப் புடைத்திருக்கும், ஆனால் அது நம் நாட்டு மாட்டின் திமில் போல முதுகின் மேல் தனியாக எழுந்து நிற்பதில்லை. ஆக, ‘திமிலைப் பிடித்துத் தொங்கினான்’ என்று நீங்கள் எழுதினால் அவனுக்கு எதைப் பிடித்தான் என்றே புரியாது. முன்னங்காலுக்கு மேலே, தோளுக்கு நேராக, ஒரு ஆள் இரு கையாலும் அணைத்துக்கொள்ளும் அளவுக்குச் சதை மேடு ஒன்று இருக்கிறது. ஆயுதம் இல்லாதவனுக்கு மாட்டின் உடம்பில் பிடிக்கக் கிடைப்பது அதுதான் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். முடிந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு மாடு வரைந்து காட்டுங்கள். பேனா நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் படம் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, மாடு யாருடையது என்பது. ஸ்பெயினில் காளையை வளர்ப்பவர் ஒருவர், அரங்கில் நிற்பவர் வேறொருவர். அரங்கில் காளை சாவதை வளர்த்தவரின் தோல்வியாக அங்கே எடுத்துக்கொள்வதில்லை. இங்கே வாசலைத் தாண்டி வரும் மாட்டோடு அதை வளர்த்த வீட்டின் பெயரும் சேர்ந்தே வருகிறது. பிடிபடாமல் போனால் மாட்டுக்காரர் ஜெயித்தார், பிடிபட்டால் அவர் தோற்றார். இது புரிந்தால்தான் நாவலின் கதையே புரியும். பிச்சி பிடிக்க வந்திருப்பது ஜமீன்தாரின் காளையை. வெறும் மாட்டுக்கு எதிராக மட்டும் அவன் நிற்கவில்லை.

ஜமீன்தார் என்பவர் யார் என்பதையும் அவனுக்கு ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். பல கிராமங்களின் நிலவரியை வசூலித்து, அந்த ஊர்களில் ஏறக்குறைய ராஜா மாதிரி இருந்தவர் என்றால் போதும். பணக்காரர் என்று மட்டும் எழுதிவிட்டால் பிச்சியின் துணிச்சலில் பாதி காணாமல் போய்விடும். பணக்காரரின் மாட்டைப் பிடித்தால் பரிசு கிடைக்கும், அவ்வளவுதான். ஜமீன்தாரின் மாட்டைப் பிடித்தால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைத்தான் பார்க்கும்.

சரி, கதைக்கு வருவோம். உங்களுக்குக் கதைச் சுருக்கமாகவே வருவதற்குக் காரணம், இந்த நாவலில் கதை என்று எடுத்துச் சொல்ல அதிகம் இல்லை. நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் புத்தகம். ஒரே ஊர், ஒரே நாள் ஜல்லிக்கட்டு. உசிலனூரிலிருந்து பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வருகிறார்கள். பிச்சியின் அப்பா அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரர், காரி என்ற காளையால் செத்துப்போனவர். அந்தக் காரியை அணையத்தான், அதாவது பிடித்து அடக்கத்தான், மகன் வந்திருக்கிறான். இவ்வளவையும் நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள் என்றால் பிறகு எழுத ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். உடனே கை தானாக ‘விறுவிறுப்பான நடை’, ‘பாத்திரங்கள் கண்முன் நிற்கிறார்கள்’, ‘படிக்கத் தூண்டும் நாவல்’ என்று எழுதத் தொடங்கும். உங்கள் வரைவை எடுத்து நாவலின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். வேறு எந்த நாவலுக்கும் பொருந்துகிற வாக்கியம் எதுவோ அதை அடித்துவிடலாம். சராசரி மாணவர் கடிதத்தில் இப்படிப் பார்த்தால் இரண்டு மூன்று வாக்கியம்தான் மிஞ்சும்.

அடித்த இடத்தில் என்ன எழுதுவது? ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் பிச்சி காரி மேல் பாயும் இடத்தைத்தான் எடுப்பார்கள். நான் அதை எடுக்க மாட்டேன். அந்த இடத்தைச் செல்லப்பா எழுதியிருப்பதை விட நன்றாக நீங்களோ நானோ எழுதப் போவதில்லை, அதோடு அதை அவன் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், வாசலில் காத்துக்கொண்டு நிற்கும் நேரத்தை எடுங்கள். கூட்டத்தில் பிச்சியின் பக்கத்தில் ஒரு கிழவர் நிற்கிறார். எல்லாம் பார்த்துப் பழுத்தவர். எந்த மாடு எப்படி வரும், யார் எப்போது எந்த மாட்டை அணைந்தார்கள் என்று பேசிக்கொண்டே இருக்கிறார். அம்புலி என்பவன் எப்படிப்பட்ட ஆள் என்பதும் அந்தப் பேச்சின் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. பேச்சு போகப் போகத்தான், பக்கத்தில் நிற்கும் இந்தப் பையன் யாருடைய மகன் என்பது அவருக்கு விளங்குகிறது. மகனிடமே அப்பாவின் கதையைச் சொல்லும் அந்தப் பேச்சு இருக்கிறதே, நாவலின் பழி, பாசம், பெருமை மூன்றும் அங்கே வந்துவிடுகின்றன. மாடு இன்னும் வாசலுக்கு வரவே இல்லை. இந்த இடத்தை எழுதினால் நண்பனுக்கு ஜல்லிக்கட்டு பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்பாவை இழந்த மகனையும், அது தெரியாமல் பேசும் பெரியவரையும் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்.

முடிவைச் சொல்லலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பிச்சி காரியை அணைந்துவிடுகிறான், காயமும் படுகிறான். அதோடு நாவல் முடிந்திருந்தால் அது நல்ல சாகசக் கதை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறிபிடித்து ஓடும் காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். ஆயுதமே இல்லாத விளையாட்டு என்று நீங்கள் கடிதத்தின் தொடக்கத்தில் அவ்வளவு பாடுபட்டு விளக்கியிருப்பீர்கள், கடைசியில் காளையைக் கொல்வது ஒரு துப்பாக்கி. அதுவும் பிடிக்க வந்தவனுடையது இல்லை, வளர்த்தவருடையது. ஸ்பெயினில் வளர்ந்த ஒருவனுக்கு இது நம்மை விட ஆழமாகவே உறைக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதைக் கடிதத்தில் சொல்லாதீர்கள் என்கிறேன். பிடிப்பதோடு கதை முடியவில்லை என்று மட்டும் கோடி காட்டிவிட்டு நிறுத்துங்கள். என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்திருக்கிறது, தேடி வாங்கி அவனே படிக்கட்டும்.

ஆசிரியரைப் பற்றி ஒரு வரி போதும். பிறந்த ஊர், பெற்ற விருது, எழுதிய நூல்கள் எல்லாம் தேர்வுத்தாளுக்குச் சரி. நண்பனுக்குத் தேவையானது, இந்த ஆட்டத்தைக் கிட்டத்தில் பார்த்து வளர்ந்த பகுதிக்காரர் எழுதியது என்பதும், நாவல் 1959இல் வந்தது என்பதும்தான். தடை, போராட்டம், நீதிமன்றத் தீர்ப்பு பற்றியெல்லாம் எழுத ஆசையாக இருக்கும். 2017இல் மெரினாவில் கூடிய கூட்டத்தின் படத்தை அவனே பார்த்திருக்கவும் கூடும். ஆனால் அந்த வாதத்துக்குள் நுழைந்தால் நாவலுக்குத் திரும்பி வர மாட்டீர்கள். அது அடுத்த கடிதத்துக்கு ஆகும்.

இதையெல்லாம் வைத்து நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். அப்படியே பார்த்து எழுதாதீர்கள். உங்கள் ஊர், உங்களுக்குப் பிடித்த இடம் எதுவோ அதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மதுரை,
ஜனவரி 20

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பாம்ப்லோனாவில் ஜூலை மாதம் காளைகளுக்கு முன்னால் ஜனங்கள் ஓடும் படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “ஓடுறாங்க சரி, யாரும் பிடிக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எனக்குப் பிடித்த நாவல் எது என்று கேட்டிருந்தாய். ‘வாடிவாசல்’ என்று பெயர். காளைகள் ஒவ்வொன்றாக வெளியே விடப்படும் குறுகலான வாசலைத்தான் அப்படிச் சொல்வோம். உடனே உங்கள் ஊர் அரங்கத்தை நினைத்துக்கொள்ளாதே. இங்கே வாள் கிடையாது, துணி கிடையாது, மாட்டைக் கொல்வதும் கிடையாது. எங்கள் காளைகளுக்குத் தோளுக்கு மேலே திமில் என்று ஒரு சதை மேடு இருக்கும். ஓரத்தில் வரைந்திருக்கிறேன், பார். வெறுங்கையோடு பாய்ந்து அதை அணைத்துக்கொண்டு, மாடு துள்ளித் துள்ளித் தவ்வும்போது கீழே விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். மாடு அன்று மாலை தன் வீட்டுக்குப் போய்விடும். மனிதன் போவானா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் தெரிந்தால்தான் கதை புரியும். மாடு பிடிபட்டால் அதை வளர்த்தவர் தோற்றதாக அர்த்தம். இந்த நாவலில் வரும் காரி என்ற கறுப்புக் காளையை வளர்த்தவர் ஒரு ஜமீன்தார். அந்தக் காலத்தில் பல கிராமங்களுக்கு வரி வசூலித்து ராஜா மாதிரி இருந்தவர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய காளை மேல் கை வைக்க வேண்டுமென்றால் கொம்புக்குப் பயப்படாமல் இருந்தால் மட்டும் போதாது.

பிச்சி என்று ஒரு இளைஞன். அவன் அப்பா இதே காளையால் இறந்தவர். அந்தக் காளையைத் தேடித்தான் வெளியூரிலிருந்து வந்து கூட்டத்தில் நிற்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிழவர். பழைய மாடுகள், பழைய ஆட்கள் என்று வாய் ஓயாமல் பேசுகிறார். அந்தப் பேச்சில் பிச்சியின் அப்பாவும் வருகிறார். தன் அப்பாவைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் வாயால், அதுவும் அவர் செத்துப்போன ஆட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது காளை எப்போது வரும் என்பதையே நான் மறந்துவிட்டேன்.

பிச்சி காரியைப் பிடித்தானா என்று சொல்ல மாட்டேன். பிடிப்பது, பிடிக்காமல் போவதோடு கதை முடிவதில்லை என்று மட்டும் சொல்கிறேன். எழுதியவர் சி.சு. செல்லப்பா. இந்த ஆட்டம் நடக்கும் பகுதியில் வளர்ந்தவர். நாவல் 1959இல் வந்தது. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் ஊரில் காளையை வளர்ப்பவர் அது அரங்கத்துக்குள் போகும்போது வந்து பார்ப்பாரா? பார்த்தால் அவர் முகம் எப்படி இருக்கும்? நீயோ உன் தாத்தாவோ பார்த்திருந்தால் எழுது. பாட்டியின் கேள்விக்கும் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பாட்டி ஒரு வேலையாகத்தான் வருகிறார். ஓடுவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கினால் ஒரு பத்தி ஆகும், பாட்டி ஒரே கேள்வியில் சொல்லிவிடுகிறார். உங்கள் வீட்டில் வேறு யாராவது வேறு ஏதாவது சொன்னால் அதை எழுதுங்கள், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பாட்டியை விட்டுவிடுங்கள். இல்லாத பாட்டியைக் கொண்டுவந்தால் அடுத்த கடிதத்தில் அவன் பாட்டியை விசாரிப்பான், மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தது கடைசிக் கேள்வி. அது மரியாதைக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. ஜமீன்தார் என்ற பாத்திரத்தின் நடுப்புள்ளியைத்தான் வேறு பக்கமாகத் தொட்டிருக்கிறேன். அவன் பதில் எழுத உட்காரும்போது அவனை அறியாமலே நாவலைப் பற்றி யோசிப்பான்.

ஆங்கிலத்தில் மாற்றும்போது ஓரிடத்தில் இடறும். நாவலில் எல்லாரும் மதுரைப் பக்கத்துப் பேச்சில்தான் பேசுகிறார்கள், அந்தப் பேச்சுதான் பாதி ருசி. அதை ஆங்கிலக் கொச்சையாக மாற்ற முயலாதீர்கள், சினிமா கௌபாய் பேசுவது மாதிரி ஆகிவிடும். பேச்சு வழக்கில் எழுதப்பட்ட நாவல் என்று சொல்லிவிட்டு, கிழவர் சொல்வதைச் சாதாரண வாக்கியமாகவே எழுதுங்கள். வாடிவாசல், திமில், காரி ஆகிய மூன்று சொற்களையும் அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிடலாம். கடிதத்திலேயே அவற்றுக்கு விளக்கம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் தமிழ்ச் சொற்களைச் சேர்த்தால் அவன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பள்ளியில் ஒப்படைக்கும் பிரதியில் இடமும் நாளும் வலது மேல் மூலையில், உறைமேல் முகவரி கடைசியில் ஒரு கட்டத்துக்குள் இருக்கட்டும், மதிப்பெண் அதற்கும் உண்டு. உண்மையாகவே அனுப்பும் உறையில் முகவரியை ஆங்கில எழுத்தில், ஸ்பெயின் என்ற நாட்டின் பெயரைக் கடைசி வரியில் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அஞ்சலகத்தில் எடை பார்த்த பிறகே தபால்தலை ஒட்டுங்கள். மாட்டின் படத்தைத் தனி அட்டையில் வரைந்து உள்ளே வைத்தால் எடை கூடும்.